தங்கப் பத்திரம் கையில் கொடுத்தது எத்தனை சதவீதம்? கிருஷ்ணகிரி, தருமபுரி வாசகர்களின் கேள்விகள்

பாலக்கோடு: 2015 நவம்பரில் வந்த அரசின் முதல் தங்கப் பத்திரம், கிராம் 2,684. 2023 நவம்பரில் 6,132 வந்தது. தங்கம் வருடத்துக்கு 10.9%, வட்டி 2.75%, ஆக 13.65% சரிதானே சார்?

பாதி சரி. 10.9 என்பது ஏறிக்கொண்டே போகும் விலையின் கூட்டு வளர்ச்சி. வட்டி அப்படி ஏறாது. நீங்கள் போட்ட 2,684க்குத்தான் எட்டு வருடமும் கணக்கு: ஆறு மாதத்துக்கு ஒருமுறை 36 ரூபாய் 90 காசு. கடைசி வருடம் கையில் இருந்தது ஆறாயிரம் ரூபாய்ப் பொருள். அதற்கு வருட வட்டி 73.81 என்றால் 1.2% தான். அதனால் இரண்டையும் கூட்டக் கூடாது. எக்செலில் இப்படிப் போடுங்கள்:

```
=(1+RATE(16,36.905,-2684,6132))^2-1
```

16 என்பது அரையாண்டுத் தவணைகள். விடை சுமார் 12.9%. வந்த வட்டியையும் அதே வேகத்தில் வளர்த்திருந்தால்தான் இது முழுசாக நிற்கும். சேமிப்புக் கணக்கில் தூங்கவிட்டிருந்தால் கொஞ்சம் குறையும்.

பர்கூர்: எதுக்கு இவ்வளவு சுத்தி? லாபம் 3,448, வட்டி 590. ரெண்டும் சேர்ந்தா போட்ட 2,684ல் 150%. அதை எட்டால் வகுத்தால் 18.8% வருதே!

வகுத்தல் சரி, ஒப்பீடுதான் தப்பு. அது தனிவட்டிக் கணக்கு. வங்கி டெபாசிட்டின் கூட்டுவட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

ஓசூர்: நான் 30% வரி வரம்பில் இருக்கிறேன். எனக்கும் 12.9 தானா?

இல்லை. வட்டிக்கு வரி உண்டு. 36.905க்குப் பதில் 25.83 போடுங்கள், 12.3% வரும் (செஸ் சேர்க்கவில்லை). முதிர்வில் கிடைத்த விலை லாபத்துக்கு இந்தப் பத்திரத்தில் வரி இல்லை.

ஊத்தங்கரை: அண்ணே, அம்மா பேர்ல பத்து கிராம் இருக்கு. முடிஞ்சதும் நகையா தருவாங்களா?

பணமாகத்தான் தம்பி, கணக்கில் வந்து விழும். அதற்கு எடுக்கும் விலை 999 சுத்தத் தங்கத்தின் முந்தைய மூன்று வேலை நாள் சராசரி. அம்மா கடை போர்டில் பார்ப்பது பெரும்பாலும் 22 காரட் விலை. அதை வைத்துக் கணக்குப் போட்டால் குறைவாகத் தெரியும்.

காவேரிப்பட்டணம்: 2020 ஆகஸ்ட் பத்திரம், வெளியீட்டு விலை 5,334. சந்தையில் 10,000க்கு வாங்கினேன். இதுக்கு வட்டி 2.5% என்றால் வருடம் 250 வரணுமே?

வராது. வட்டி 5,334க்குத்தான், வருடம் 133.35. உங்கள் பணத்துக்கு அது 1.33% ஆகிறது. நடுவில் வாங்கியதால், வாங்கிய நாளிலிருந்து முதல் தவணைக்கு முழு ஆறு மாதம் இருக்காது. ஆகவே RATE வேண்டாம், தேதிகளோடு XIRR போடுங்கள். 2028 ஆகஸ்டில் வரப்போகும் விலை என்ற கட்டம்தான் காலியாக நிற்கும். நானாக இருந்தால் அதில் 8,000, 10,000, 12,000 என்று மூன்று தடவை மாற்றிப் போட்டுப் பார்ப்பேன். 8,000 போடும்போது விடை மைனஸில் போகும். இந்தச் சின்ன வட்டி அந்த இறக்கத்தைத் தாங்காது.