தங்கையைச் சேர்க்காத குரூப்

கேள்வி: திருச்சியில் இருக்கும் அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அவர் பென்ஷன் 8,400 போக மாதம் 21,000 ரூபாயை அண்ணனும் நானும் பாதிப் பாதியாகக் கட்டுகிறோம். அண்ணனுக்குச் சம்பளம் 90,000, எனக்கு 60,000. இனி சம்பள விகிதப்படி பிரிக்கலாம் என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எழுதப்போகிறேன். அண்ணன் மனம் நோகாமல் எப்படி எழுதுவது? (தங்கை கடை வேலையை விட்டுவிட்டு அப்பாவுடன் இருக்கிறாள். வருமானம் இல்லாததால் அவளை அந்தக் குரூப்பில் சேர்க்கவில்லை.)

பதில்: அண்ணன் மனசு இருக்கட்டும். அடைப்புக்குறிக்குள் தள்ளினீர்களே, அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுவோம். அவளுக்கு வருமானம் இல்லாமல் போனதே உங்கள் அப்பாவால்தானே? மாதம் பதின்மூன்று முறை. ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தில். ஊசி குத்தி எடுக்க, போய்வர என்று பாதி நாள் போய்விடும். முடிந்ததும் பிரஷர் இறங்கித் தள்ளாடுபவரை யார் பிடிக்கிறார்கள்? தினமும் காலையில், டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த ஃபிஸ்டுலா கையைத் தொட்டு அதிர்வு இருக்கிறதா என்று பார்க்கவும் ஆள் வேண்டும். அது நின்றுபோனதை அன்றே கவனிக்காவிட்டால் கழுத்தில் குழாய் போட நேரும். அந்த ஒரு பில் உங்கள் மாதக் கணக்கையே விழுங்கிவிடும். பெண்பிள்ளை செய்தால் அது கணக்கில் வராது என்று எந்த வீட்டில் கற்றீர்கள்?

விகிதம் நியாயமானதுதான். ஆனால் எதைப் பிரிக்கிறீர்கள் என்பது முக்கியம். தங்கை விட்டுவந்த சம்பளம் 9,000 என்று வையுங்கள். அதையும் செலவில் சேர்த்தால் பிரிக்க வேண்டியது 30,000. மூன்றுக்கு இரண்டு என்றால் அண்ணனுக்கு 18,000, உங்களுக்கு 12,000. 10,500 கட்டுவது 8,400 ஆகும் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். 1,500 கூடத்தான் போகிறது. கட்டுங்கள்.

சம்பளம் என்றால் கைக்கு வருவது. வீட்டுக் கடன் தவணையைக் கழிக்கக் கூடாது, வீடு உங்களுக்குத்தானே சேர்கிறது! மனைவியர் சம்பளத்தை இழுக்காதீர்கள். பென்ஷனை முதலில் கழித்தது சரி. திடீர் அட்மிஷனுக்கு இதே விகிதத்தில் தனியாகச் சேருங்கள். இல்லாவிட்டால் அட்வான்ஸ் கட்டச் சொல்லும்போது தங்கை வளையலைத்தான் கழற்றுவாள்.

முதலில் தங்கையிடம் கேளுங்கள், பிறகு அண்ணனுக்குப் போன் செய்யுங்கள், அவளைக் குரூப்பில் சேர்த்த பிறகே எழுதுங்கள்:

“அண்ணா, இந்த மாதத்திலிருந்து அப்பா செலவை நம் சம்பளப்படி 3:2 ஆகப் பிரிப்போமா? தங்கச்சி விட்ட சம்பளம் 9,000-மும் இதில் சேர்த்தி. உனக்கு 18,000, எனக்கு 12,000. ஐந்தாம் தேதிக்குள் போட்டுவிடலாம். ஏப்ரலில் சம்பளம் மாறினால் விகிதத்தையும் மாற்றுவோம்.”

தேதியை விட்டுவிடாதீர்கள். தேதி இல்லாவிட்டால் மாதாமாதம் அவள்தான் கை நீட்ட வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரி பில்லை அண்ணனே தன் கணக்கிலிருந்து நேரடியாகக் கட்டட்டும். அப்பாவுக்கு அறுபது தாண்டி, இன்சூரன்ஸும் இல்லை என்றால், பழைய வருமான வரிமுறையில் இருப்பவருக்கு, வரி போடும் வருமானத்தில் ஆண்டுக்கு 50,000 வரை கழிவு உண்டு. ரொக்கமாகக் கட்டினால் கிடையாது.