போட்டோவில் வந்த சம்பள சிலிப்: கைக்கு எவ்வளவு, வருடத்துக்கு எவ்வளவு பிடித்தம்?

ஆம்பூர், ஷூ கம்பெனி தையல் பிரிவு: அண்ணா, என்னோட 2024 செப்டம்பர் சிலிப்ப போட்டோ எடுத்து போட்டிருக்கேன். மொத்தம் 18,000, பிடித்தம் 4,365, கைக்கு 13,635. பிடித்தத்த 12-ஆல பெருக்கினா 52,380 வருது. வருஷத்துக்கு அவ்வளவா போகுது? பேங்க்ல லோனுக்கு கேக்கறாங்க.

இல்லை தம்பி, 33,900 தான். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் போட்டோவைப் படிக்கும் விதம். இடது பக்கம் வரவு, வலது பக்கம் பிடித்தம். வீட்டு வாடகைப் படிக்கு நேரே இ.எஸ்.ஐ. 135 இருப்பதால், அந்தப் படியிலிருந்துதான் 135 போகிறது என்று நினைக்க வேண்டாம். இடம் போதாமல் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். இடது பக்கத்தை மேலிருந்து கீழே முழுசாகப் படித்து முடித்த பிறகு வலது பக்கம் போங்கள். உங்கள் வரவு: அடிப்படை 9,000, பஞ்சப்படி 5,000, வாடகைப் படி 3,500, வருகை ஊக்கத்தொகை 500. கூட்டினால் 18,000, சரி.

வலது பக்கத்தில் பி.எப். தொகை மேல் காகித மடிப்பு விழுந்து, 1,680 என்பது 1,880 போலத் தெரிகிறது. எது சரி என்று இரண்டு வழியில் பார்க்கலாம். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,000, அதில் 12 சதவீதம் 1,680. அடுத்து கீழே இருக்கும் மொத்தம்: 1,680, இ.எஸ்.ஐ. 135, தொழில் வரி 1,250, கேன்டீன் 300, முன்பணம் 1,000. கூட்டுத்தொகை 4,365. பி.எப்.பை 1,880 என்று வைத்தால் 200 ரூபாய் இடிக்கும். டைம் ஆபிசில் இருபது வருடம் இருந்தேன், மங்கலான எண்ணைக் கண்ணால் ஊகிக்காமல் மொத்தத்தை வைத்துத்தான் சரிபார்ப்பேன்.

இப்போது வருடக் கணக்கு. இந்த ஐந்தும் ஒரே மாதிரி வருபவை அல்ல. பி.எப்., இ.எஸ்.ஐ., கேன்டீன் மூன்றும் மாதாமாதம் உண்டு. அவற்றை மட்டும் 12-ஆல் பெருக்குங்கள்: 20,160, 1,620, 3,600. தொழில் வரி நகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை போவது. உங்கள் கம்பெனியில் செப்டம்பரிலும் மார்ச்சிலும் பிடிக்கிறார்கள், ஆக 2,500. முன்பணத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் "3/6" என்று இருக்கிறது, பார்த்தீர்களா? ஆறு தவணையில் இது மூன்றாவது. ஜூலையில் தொடங்கி டிசம்பரில் முடியும், மொத்தம் 6,000. இந்தப் போட்டோவில் இல்லாத ஒன்றும் உண்டு: தொழிலாளர் நல நிதி, டிசம்பர் சிலிப்பில் மட்டும் 20 ரூபாய். எல்லாம் சேர்த்து 33,900. வருட வரவு 2,16,000-இல் கழித்தால் கைக்கு 1,82,100.

நீங்கள் பெருக்கியபடி போயிருந்தால் 18,480 ரூபாய் குறைவாகக் காட்டியிருப்பீர்கள். பேங்கில் இந்த ஒரு சிலிப்பை மட்டும் நீட்டாதீர்கள். செப்டம்பர் உங்களுக்கு வருடத்திலேயே குறைந்த சம்பள மாதம். ஜூன் சிலிப்பில் 15,885 இருக்கும், அதையும் சேர்த்துக் கொடுங்கள். தவணை டிசம்பரோடு முடிகிறது என்பதையும் வாயால் சொல்லிவிடுங்கள்.

குடியாத்தம், கணக்கர்: சார், பி.எப். 12 சதவீதம்னா 18,000-க்கு 2,160 வரணுமே? கம்பெனி குறைச்சுப் பிடிக்கிற மாதிரி இருக்கு.

12 சதவீதம் சரிதான், எதன் மேல் என்பதில்தான் பிசகு. வாடகைப் படி அந்தக் கணக்கில் சேராது. வருகை ஊக்கத்தொகை எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைப்பதல்ல, லீவு போடாதவருக்கு மட்டும். அதனால் அதையும் சேர்க்கவில்லை. ஆனால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. "ஸ்பெஷல் அலவன்ஸ்" என்று எல்லோருக்கும் ஒரே தொகை கொடுத்து, அதை பி.எப். கணக்கிலிருந்து ஒதுக்கினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது. தம்பி சிலிப்பில் அப்படி ஒரு படி இல்லை. இ.எஸ்.ஐ. மட்டும் முழு 18,000-க்கும் 0.75 சதவீதம் போட்டிருக்கிறார்கள், 135 சரியாக இருக்கிறது.

அதே கம்பெனி, கட்டிங் பிரிவு: எனக்கும் அவருக்கும் ஒரே சம்பளம்ணா. ஆனா என் சிலிப்ல பி.எப். 1,568 தான் இருக்கு. யாருக்குத் தப்பு?

யாருக்கும் தப்பில்லை. உங்கள் போட்டோவில் வரவுப் பக்கம் இரண்டு எண் வரிசை இருக்கிறது. முதலாவது பேசின சம்பளம், இரண்டாவது அந்த மாதம் வேலை செய்த நாளுக்குக் கிடைத்தது. இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு போட்டிருக்கிறீர்கள். 14,000-இல் முப்பதுக்கு இருபத்தெட்டு நாள் என்றால் 13,067, அதற்கு 12 சதவீதம் 1,568. வருடக் கணக்குக்கு இந்த மாதத்தை மாதிரியாக எடுக்காதீர்கள், லீவு போடாத மாத சிலிப் ஒன்றைத் தேடி எடுங்கள்.

வாணியம்பாடி, பெயிண்டிங் காண்ட்ராக்டரிடம் வேலை: அந்த போட்டோ அடியில இன்னொரு 1,680-ம் 585-ம் இருக்கே, அத ஏன் கழிக்கல? அதையும் சேத்தா கைக்கு 11,370 தானே?

அது கம்பெனி தன் பணத்திலிருந்து கட்டுவது. பி.எப்.புக்கு அவர்கள் பங்கு 1,680, இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், அதாவது 585. தகவலுக்காக அடியில் போடுகிறார்கள். பிடித்தம் 4,365 என்ற மொத்தத்துக்குக் கீழே இருப்பதைத் தொட வேண்டாம்.

காட்பாடி, ஆஸ்பத்திரி ஊழியர்: ஐயா, எனக்கு ஆகஸ்ட்ல சம்பளம் 22,000 ஆச்சு. 21,000 தாண்டினா இ.எஸ்.ஐ. கிடையாதுன்னாங்க. இன்னும் 165 பிடிக்கறாங்க. திருப்பிக் கேக்கலாமா?

கேட்க முடியாதம்மா, பிடித்தது முறைதான். சந்தா காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டாக ஓடுகிறது. நடுவில் வரம்பைத் தாண்டினால் அந்தக் காலம் முடியும்வரை பிடிப்பார்கள், அதுவும் முழு 22,000-க்கும். அக்டோபர் சிலிப்பில் நின்றிருக்க வேண்டும், அதில் இருந்தால் மட்டும் கேளுங்கள். கார்டைப் பத்திரமாக வைத்திருங்கள். ஏப்ரல்–செப்டம்பர் சந்தாவுக்கான பலன் காலம் அடுத்த ஜனவரியில் தொடங்கி ஜூன் வரை இருக்கிறது. உங்கள் வருடக் கணக்கிலும் இ.எஸ்.ஐ.யை 12-ஆல் பெருக்கக் கூடாது, ஆறு மாதம்தான், அதிலும் ஆகஸ்டிலிருந்து தொகை வேறு.

ராணிப்பேட்டை சிப்காட், தோல் பதனிடும் ஆலை: என் சிலிப்ல "இதர பிடித்தம் 212"-னு ஒண்ணு இருக்கு. எதுக்குன்னு தெரியல. இதையும் 12-ஆல பெருக்கிடட்டா?

போட்டோவை வைத்து இதைச் சொல்ல முடியவில்லை. 12 சதவீதத்துக்கும் 0.75-க்கும் எதிலும் பொருந்தவில்லை. சீருடையாக இருக்கலாம், குழுக் காப்பீடாக இருக்கலாம், போன மாதம் அதிகம் கொடுத்ததைச் சரிக்கட்டியதாகவும் இருக்கலாம். முந்தின இரண்டு மாத சிலிப்பை எடுங்கள். மூன்றிலும் அதே 212 இருந்தால் பெருக்கலாம். ஒன்றில் மட்டும் இருந்தால் தனியே எழுதி வைத்து, டைம் ஆபிசில் எழுத்தில் கேளுங்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இந்த வரியில் ஒருவருக்கு ஏழு மாதம் தவறாகப் பிடித்திருந்தார்கள். அவர் பழைய சிலிப்புகளைக் கொண்டு வந்து காட்டிய பிறகுதான் திரும்பக் கொடுத்தார்கள். பதில் வந்ததும் இங்கே போடுங்கள், மறுபடி பார்க்கலாம்.