குருகின் காலும் ‘கையாண்டுள்ளார்’ என்ற சொல்லும்

அன்புள்ள ஐயா,

முனைவர் பட்ட ஆய்வில் குறுந்தொகைக் கட்டுரை ஒன்றை எழுதி நெறியாளரிடம் கொடுத்தேன். ‘பயன்படுத்துகிறார்’ என்ற சொல் வந்த 14 இடங்களிலும் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பித் தந்தார். சிலவற்றைக் ‘கையாள்கிறார்’ என்றும் சிலவற்றை ‘எடுத்தாண்டுள்ளார்’ என்றும் மாற்றிக் கொடுத்தேன். “சொல்தான் மாறியிருக்கிறது, வாக்கியம் மாறவில்லை” என்று அவற்றையும் அடித்துவிட்டார். ஒரு மாதிரி இதோ: “கபிலர் இப்பாடலில் தினைத்தாள் என்னும் உவமையை மிக அழகாகக் கையாண்டுள்ளார். இதன் மூலம் தலைவியின் மனநிலை வெளிப்படுத்தப்பட்டுள்ளது.” இதில் என்ன தவறு? வேறு எப்படித்தான் எழுதுவது?

ஆய்வு மாணவி, திருநெல்வேலி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை, செய்தியும் பொய்யில்லை. ஆனால் ‘கபிலர்’, ‘தினைத்தாள்’ என்ற இரண்டு சொற்களை எடுத்துவிட்டு வேறொரு புலவரையும் வேறொரு உவமையையும் வைத்துப் பாருங்கள். அப்போதும் அது சரியாகவே இருக்கும். 401 குறுந்தொகைப் பாட்டில் உவமை உள்ள எதற்கும் அது பொருந்தும். அப்படியென்றால் இந்தப் பாட்டைப் பற்றி அது இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பொருள் அங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. ‘பயன்படுத்துகிறார்’, ‘கையாண்டுள்ளார்’, ‘இடம்பெற்றுள்ளது’, ‘காணப்படுகிறது’ எல்லாமே இருப்புப் பதிவேட்டுச் சொற்கள். அதனால்தான் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டதும் நெறியாளர் மீண்டும் அடித்தார்.

‘மிக அழகாக’ என்பதையும் கவனியுங்கள். வினை வேலை செய்யாத இடத்தில்தான் இப்படி ஓர் அடைமொழி வந்து முட்டுக்கொடுக்கும். ‘நயம்பட’, ‘திறம்பட’, ‘சிறப்பாக’ ஆகியவையும் அப்படித்தான். என் பழைய கட்டுரைகளை எடுத்துப் பார்க்கும்போது, இவை வரும் இடங்களிலெல்லாம் பாட்டை நான் முழுதாகப் படிக்காமல் கடந்து போயிருப்பது தெரிகிறது.

இனி பாட்டுக்கு வருவோம். நீங்கள் எடுத்துக்கொண்டது குறுந்தொகையின் 25ஆம் பாட்டு. திருமணம் தள்ளிப்போகும்போது தலைவி தோழியிடம் சொல்வது.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

ஐந்தே அடி. ‘அன்று வேறு யாருமில்லை, அவன் மட்டும்தான் அந்தக் கள்வன். அவன் பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? தினைத்தாள் போன்ற சிறிய பசிய கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகப் பார்த்து நின்ற குருகும் இருந்தது, அவன் என்னைக் கூடிய அன்று.’

புலவர் என்ன பயன்படுத்துகிறார் என்று கேட்பதை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். பாட்டுக்குள் யார் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். அதற்கு முதலில் பாட்டின் வினைகளைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள்: இல்லை, பொய்ப்பின், செய்கோ, பார்க்கும், உண்டு, மணந்த. இந்தப் பட்டியலில் இரண்டு சொற்கள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன. முதலடியில் ‘இல்லை’ வருகிறது, கடைசி அடியில் ‘உண்டு’ வருகிறது. யாருமில்லை என்றவள் நான்கு அடி தள்ளி, குருகும் உண்டு என்கிறாள். உங்கள் கட்டுரை பற்ற வேண்டிய இடம் இதுதான்.

இங்கே தலைவி செய்வதற்கு என்ன வினை? நான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறேன், நீங்களும் கூடவே பாருங்கள். ‘மறுக்கிறாள்’ என்றால் முதலில் சொன்னது பொய்யென்று ஆகும். அவள் அதைப் பொய்யென்று சொல்லவில்லை. ‘பின்வாங்குகிறாள்’ என்றால் தயக்கமோ நாணமோ வந்து ஒட்டிக்கொள்கிறது, அதற்குப் பாட்டில் சொல் இல்லை. ‘திருத்துகிறாள்’ கொஞ்சம் நெருங்கி வருகிறது, வாக்குமூலம் கொடுப்பவர் ‘இருங்கள், ஒன்றை விட்டுவிட்டேன்’ என்று சொல்வதுபோல. ஆனால் ‘குருகும்’ என்பதில் இருக்கும் ‘உம்’மைப் பாருங்கள். அந்த இடைச்சொல் ஒன்றோடு இன்னொன்றைக் கூட்டுகிறது. ஆகவே ‘சேர்க்கிறாள்’. அவள் ஒரு சாட்சியைச் சேர்க்கிறாள். வினையை நான் என் விருப்பத்துக்குத் தேர்ந்தெடுக்கவில்லை, பாட்டிலுள்ள ஓர் இடைச்சொல் அதைத் தீர்மானித்தது. நல்ல பகுப்பாய்வு வினைக்கு இதுதான் அடையாளம். ‘ஏன் இந்த வினை?’ என்று யாராவது கேட்டால் பாட்டில் ஓர் எழுத்தையாவது தொட்டுக் காட்ட முடிய வேண்டும்.

அடுத்து, சேர்த்த அந்தச் சாட்சி என்ன செய்கிறது? ‘பார்க்கும்.’ சாட்சிக்கு வேண்டியதே பார்ப்பதுதான். ஆனால் இங்கே அது பார்ப்பது ஆரலை, அவர்களையல்ல. சாட்சிக்குரிய வினையைக் கொடுத்த அதே அடி அதன் செயப்படுபொருளை மாற்றிவிடுகிறது. இதை எழுதும்போது ‘ஆரல் பார்க்கும் என்ற அடைமொழி பயன்படுத்தப்பட்டுள்ளது’ என்று எழுதினால் எல்லாம் போய்விடும். ‘ஆரல் பார்க்கும் என்ற அடை குருகின் கண்ணை மீன் பக்கம் திருப்பிவிடுகிறது’ என்றால் உங்கள் கருத்து வினையிலேயே இருக்கிறது.

உங்கள் வாக்கியம் உவமையைப் பற்றியது, அதற்கு இப்போது வரலாம். ஐந்து அடிப் பாட்டில் முழுதாக ஓர் அடி ஒரு பறவையின் காலுக்குப் போயிருக்கிறது. காதலன் கைவிட்டுவிடுவானோ என்று கலங்கும் பெண்ணுக்கு அன்றைக்குக் கரையில் நின்ற குருகின் கால் சிறியது, பசியது, தினைத்தாள் தடிமன் என்பதெல்லாம் எப்படி நினைவில் இருக்கிறது? தினை அவளுடைய குறிஞ்சி நிலத்துப் பயிர், புனங்காவலில் அன்றாடம் பார்ப்பது. கையிலிருக்கும் அளவுகோலை வைத்து அந்தக் காலை அளந்து வைத்திருக்கிறாள். குருகு மீனைப் பார்த்தது, அவள் குருகைப் பார்த்திருக்கிறாள். அப்படியானால் அன்று நடந்ததற்கு, அவனை விட்டால், உண்மையில் கண்கண்ட சாட்சி அவள் ஒருத்திதான். இந்த எண்ணம் உங்களுக்கு வந்துவிட்டால் வினை தானாக வரும்: ‘தினைத்தாள் உவமை, சாட்சி சொல்ல முடியாத குருகை விட்டு, அதன் காலைக்கூட மறவாத தலைவியையே சாட்சியாக நிறுத்துகிறது.’

‘மனநிலை வெளிப்படுத்தப்பட்டுள்ளது’ என்ற உங்கள் இரண்டாம் வாக்கியத்தில் மூன்று குறைகள். எந்த மனநிலை என்று இல்லை. வெளிப்படுத்தியது யார் என்பது செயப்பாட்டு வினைக்குள் மறைந்துவிட்டது. ‘இதன் மூலம்’ என்பதில் ‘இது’ எது என்றும் தெரியவில்லை. மேலே உள்ளதுபோல் எழுதினால் இந்த வாக்கியத்துக்குத் தேவையே இராது. எடுத்துவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வலுவான வினை வேண்டும் என்றதும் பலரும் பெரிய வினைக்குப் போய்விடுகிறார்கள். ‘கட்டுடைக்கிறது’, ‘கேள்விக்குள்ளாக்குகிறது’, ‘நிறுவுகிறது’. இதே பாட்டில் ‘தானே கள்வன்’ என்பதைப் படித்துவிட்டு, ‘தலைவி அவன்மீது குற்றம் சாட்டுகிறாள்’ என்று எழுதத் தோன்றும். அடுத்த அடியைப் பாருங்கள். ‘பொய்ப்பின்’ என்கிறாள், பொய்த்தான் என்று சொல்லவில்லை. அந்த ‘இன்’ குற்றச்சாட்டை ஒரு நிபந்தனையில் நிறுத்தி வைக்கிறது. கள்வன் என்று பெயர் சூட்டுகிறாள், ஆனால் ஏமாற்றினான் என்று சொல்லவில்லை, ஏமாற்றிவிடுவானோ என்று அஞ்சுகிறாள். ‘குற்றம் சாட்டுகிறாள்’ கேட்க வலுவாக இருக்கிறது, பாட்டோ அதைத் தாங்கவில்லை. ‘அஞ்சுகிறாள்’ சாதாரணச் சொல்தான், இங்கே அதுவே சரி.

எவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம் என்பதையும் வினையே காட்ட வேண்டும். குருகின் மெலிந்த கால், நிற்க வலுவில்லாத சாட்சியத்தையும் குறிக்கிறது என்று நீங்கள் படிக்கலாம். எனக்கும் அந்த எண்ணம் பிடிக்கிறது. ஆனால் ‘சிறு’ என்ற ஒரு சொல்லைத் தவிர அதற்குப் பிடிமானம் இல்லை. அதை ‘காட்டுகிறது’ என்று எழுதாதீர்கள், ‘அப்படி நினைக்கவும் இடம் தருகிறது’ என்று எழுதுங்கள். நம் உரையாசிரியர்கள் இதில் மிகக் கவனமானவர்கள். ‘என்றார்’, ‘குறிப்பால் உணர்த்தினார்’, ‘என்பது பெற்றாம்’ ஆகியவற்றை ஒன்றுக்குப் பதில் ஒன்றாக வைக்க முடியாது. முதலாவது வெளிப்படையாகச் சொன்னது, இரண்டாவது குறிப்பாக வைத்தது, மூன்றாவது சொன்னதிலிருந்து நாம் வந்தடைந்தது. முதல் குறளில் ‘எழுத்தெல்லாம்’ என்ற சொல்லுக்குப் பரிமேலழகர், அகரம் தமிழ் எழுத்துக்கு மட்டுமன்றி வடவெழுத்துக்கும் முதலாவதை ‘நோக்கி’ அப்படி ‘என்றார்’ என்று உரை சொல்கிறார். அவர் சொல்லும் காரணத்தை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். வாக்கியத்தின் அமைப்பைப் பாருங்கள். வள்ளுவர் ‘எல்லாம்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார் என்று அவர் நின்றுவிடவில்லை. இன்னதை நோக்கி இந்தச் சொல்லைச் சொன்னார் என்று காரணத்தையும் சொல்லையும் ஒரே வாக்கியத்தில் கட்டிவிடுகிறார். நீங்கள் தேடுகிற அமைப்பு உங்கள் துறை நூலகத்திலேயே இருக்கிறது.

இன்னொன்று, எழுவாய். அகப்பாட்டில் பேசுவது தலைவி. சேர்ப்பதும் அஞ்சுவதும் அவள். கபிலரை எழுவாயாக வைத்தால் அவர் செய்திருக்கக்கூடிய செயலை மட்டும் சொல்லுங்கள். ‘கபிலர் இல்லை என்பதை முதலடியிலும் உண்டு என்பதைக் கடைசி அடியிலும் வைக்கிறார்’ என்றால் சரி. ‘கபிலர் வருந்துகிறார்’ என்றால் தவறு. ‘ஆசிரியர் பயன்படுத்துகிறார்’ என்று தொடங்கும் பழக்கத்தால் எல்லா வாக்கியத்துக்கும் புலவரே எழுவாயாகிவிடுகிறார், பாட்டுக்குள் இருப்பவர்களுக்கு வேலையே இல்லாமல் போகிறது. நெறியாளர் வட்டமிட்ட இடங்கள் பலவற்றில் எழுவாயை மாற்றியதுமே நல்ல வினை வந்துவிடும்.

‘பயன்படுத்துகிறார்’ என்று எழுதவே கூடாது என்றில்லை. ஒரு பதிப்பாசிரியர் எந்தச் சுவடிகளைப் பயன்படுத்தினார் என்று எழுதும்போது அது சரியான சொல். அங்கே உண்மையிலேயே ஒருவர் ஒரு பொருளை எடுத்து ஒரு காரியத்துக்கு வைத்துக்கொள்கிறார்.

உங்கள் இரண்டு வாக்கியத்தை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“‘யாரும் இல்லை’ என்று தொடங்கும் தலைவி, கடைசி அடியில் ‘குருகும் உண்டு’ என ஒரு சாட்சியைச் சேர்க்கிறாள். ‘ஆரல் பார்க்கும்’ என்ற அடை அந்தச் சாட்சியின் கண்ணை மீன் பக்கம் திருப்பிவிடுகிறது. அதன் காலைத் தினைத்தாளோடு ஒப்பிட்டு நினைவில் வைத்திருக்கும் தலைவியே அன்றைய நிகழ்வுக்குச் சாட்சியாக எஞ்சுகிறாள்.”

இதில் ‘உவமை’ என்ற சொல்லே வரவில்லை, ‘ஒப்பிட்டு’ என்பதே போதுமானதாக இருக்கிறது. நீங்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘எஞ்சுகிறாள்’ சரிதானா என்று எனக்கே இன்னும் ஒரு நெருடல் இருக்கிறது. கடைசி அடி அவளோடு முடியவில்லை, ‘தான் மணந்த ஞான்றே’ என்று அவனோடும் அந்த நாளோடும்தான் முடிகிறது. அதை உங்கள் வாக்கியம் கணக்கில் எடுத்தால் இன்னும் பொருந்திய வினை கிடைக்கக்கூடும்.

மீதி 13 இடங்களையும் இப்படியே ஒவ்வொன்றாகப் பாருங்கள், கணினியில் ஒரே தட்டலில் மாற்றிவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் அந்தப் பாட்டின் வினைகளை ஓரத்தில் எழுதிவிட்டு, எந்தச் சொல் உங்கள் வினைக்கு ஆதாரம் என்று அடிக்கோடிடுங்கள். அடிக்கோடிட ஒன்றும் கிடைக்காத இடங்கள் இரண்டு மூன்றாவது இருக்கும். அங்கே வேறு வினை தேடாமல் வாக்கியத்தையே எடுத்துவிடுங்கள்.