5 டீம் காசும் வந்தது அக்கா அக்கவுண்டுக்குதான்

கேள்வி: சார், ஒரு டெலிகிராம் குரூப்ல ஃப்ரீ ஃபயர் டோர்னமெண்ட் ஆடுறேன். டெய்லி நடக்கற சோலோ மேட்ச்ல ரெண்டு தடவை ஜெயிச்சேன், அன்னைக்கு ராத்திரியே காசு வந்துச்சு. அப்புறம் பெரிய ஸ்க்வாட் டோர்னமெண்ட் போட்டாங்க, ஃபர்ஸ்ட் ப்ரைஸ் ஒரு டீம் கட்டற என்ட்ரி ஃபீஸ் மாதிரி 60 மடங்கு, செகண்ட் 25, தேர்ட் 15. 5 டீம் சேர்த்துவிட்டா என் டீமுக்கு ஃப்ரீ ஸ்லாட்னு அட்மின் சொன்னாரு, கிளாஸ் பசங்களைச் சேர்த்தேன். எனக்கு அக்கவுண்ட் இல்லாததால அந்த 5 டீம் காசையும் அக்காவோட சம்பள அக்கவுண்ட்ல வாங்கி அட்மினுக்கு அனுப்பிட்டேன், அவங்க போன் லாக் எனக்குத் தெரியும். ஃபைனல்ல நாங்க செகண்ட். ப்ரைஸ் ரிலீஸ் பண்ண 3 என்ட்ரி அளவுக்கு ப்ராசஸிங் ஃபீஸ் கேக்கறாரு. கட்டலாமா?

பதில்: கட்டாதப்பா. நிஜமாவே குடுக்க ப்ரைஸ் இருந்தா ஃபீஸை அதுலயே கழிச்சுக்கிட்டு மீதியை அனுப்பியிருப்பான். இதைக் கட்டினா அடுத்து டாக்ஸ்னு வருவான், அப்புறம் வெரிஃபிகேஷன்னு வருவான், நீ நிறுத்தற வரைக்கும் வந்துட்டே இருப்பான். நீ கேட்டதுக்கு இவ்வளவுதான் பதில்.

அக்கா போன் லாக் தெரியும்னு போற போக்குல எழுதிட்டு ஃபைனலுக்குத் தாவிட்ட பாரு, அந்த வரியை நான் நாலு தடவை படிச்சேன். அவங்ககிட்ட கேட்டேன்னு எங்கயும் எழுதல. அவங்க குளிக்கப் போன நேரமோ தூங்கின நேரமோ எடுத்திருப்ப. உன் ப்ரைஸ் வரலைங்கறது உனக்குப் பெரிய விஷயமா இருக்கு, எனக்கு அந்த அக்கவுண்ட்தான் பெரிய விஷயமா இருக்கு, ஏன்னு சொல்றேன் கேளு.

முதல்ல கணக்கு. மூணு ப்ரைஸையும் கூட்டினா 100 என்ட்ரி. ஒரு ஸ்க்வாட் ரூம்ல 12 டீம். அப்ப காசு குடுத்த டீமா 9 ரூம் நிரம்பினாதான் அந்த 100 தேறும், அவனுக்குன்னு லாபமே வேணாம்னு வெச்சுக்கிட்டாலும். அந்த 9 ரூமை நீ பார்த்தியா? பார்த்திருக்க முடியாது. மேட்சுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி ரூம் ஐடி, பாஸ்வேர்ட் வரும், உள்ள போவ, உன் ரூம் மட்டும்தான் உனக்குத் தெரியும். மத்த ரூம் நடந்துச்சாங்கறது அட்மின் போடற பாயிண்ட்ஸ் டேபிள்தான், அதை அவன் உக்காந்து டைப் பண்ணிக்கலாம். குவாலிஃபையர்ல உன் ரூம்ல இருந்த 12 டீம்ல உன்னோடது, நீ சேர்த்ததுன்னு எத்தனை இருந்துச்சுன்னு எண்ணிப் பாரு. 6 டீமும் ஒரே ரூம்ல இருந்திருந்தா பாதி ரூமை நீதான் நிரப்பிக் குடுத்திருக்க.

ஃபைனல் ரிசல்ட் ஸ்கிரீன்ஷாட் வெச்சிருப்ப இல்ல, அதை எடு. ஃபர்ஸ்ட் வந்த டீமோட நாலு பேரையும் கேம்லயே தேடி ப்ரொஃபைலைத் திறந்து பாரு. நாலும் கம்மி லெவல், ஒரே கில்டு, இந்த குரூப் மேட்சைத் தவிர வேற எதுவும் ஆடாத ஐடின்னா அது அவன் ஆளுங்களா இருக்க வாய்ப்பு அதிகம். இது ஒண்ணை மட்டும் வெச்சு முடிவு கட்ட முடியாது, நல்லா ஆடறவனும் புது ஐடி வெச்சிருப்பான். ஆனா ஜெயிச்ச டீம் குரூப்ல ஒரு தடவைகூட ப்ரைஸ் எப்ப வரும்னு கேக்கலைன்னா யோசிச்சுக்கோ.

சோலோல ராத்திரியே காசு வந்துச்சேன்னு நீ மனசுக்குள்ள சொல்றது எனக்குக் கேக்குது. 48 பேர் சின்னச் சின்னதா என்ட்ரி கட்டற ரூம்ல ஜெயிச்சவனுக்குப் பத்து மடங்கு குடுத்தாலும் 38 அவன் கையில மிச்சம். அவன் கைக்காசு ஒரு பைசா போகல. அந்த ரெண்டு பேமெண்ட்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நீதானே கிளாஸ் குரூப்ல போட்ட? அதைப் பார்த்துதானே அவங்க நம்பினாங்க? அவனுக்கு உன்கிட்ட வேண்டியிருந்தது அதுதான், ஃப்ரீ ஸ்லாட் அதுக்குக் குடுத்த கூலி.

இப்ப அக்கா விஷயத்துக்கு வரேன். 5 டீம்னா 20 பசங்க. அவங்களுக்கு அட்மினைத் தெரியாது. அவங்க பேமெண்ட் ஹிஸ்டரியைத் திறந்தா இருக்கறது உங்க அக்கா பேருதான். நாளைக்கு ஒரு பையனோட அப்பா பேங்க்ல புகார் குடுத்தா முதல்ல நிக்கறது அந்தப் பேரு. பல பேர்கிட்ட வாங்கி அடுத்த நிமிஷமே மொத்தமா இன்னொருத்தருக்குத் தள்ளிவிட்ட அக்கவுண்ட், ஏமாத்துறவங்க வாடகைக்கு எடுத்து ஓட்டற அக்கவுண்ட் மாதிரியேதான் பேங்குக்குத் தெரியும், விசாரிச்சு முடியற வரைக்கும் முடக்கி வெச்சுடலாம். சம்பளம் உள்ள வரும், எடுக்க முடியாது. ஏன்னு கேட்டா அவங்களுக்குப் பதிலே தெரியாது, ஏன்னா நீ சொல்லல. கூடப் பிறந்தவளோட உழைச்ச காசு வர்ற இடத்தை ஒரு ஃப்ரீ ஸ்லாட்டுக்காக அடமானம் வெச்சிருக்கடா நீ. எனக்குக் கோவம் வருது, மறைக்கத் தெரியல.

அதனால இன்னைக்கே அக்காகிட்ட சொல்லு. மெசேஜ்ல இல்ல, எதிர்ல உக்காந்து. ஆனா சொல்லப் போறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. கோவத்துல அட்மினைத் திட்டிட்டு குரூப்பை விட்டு வெளிய வந்துடாத. அவன் நினைச்சா எல்லா மெசேஜையும் எல்லாருக்கும் அழிச்சிட முடியும். ப்ரைஸ் போட்ட போஸ்டர், அவனோட யூசர்நேம், பணம் அனுப்பச் சொன்ன அக்கவுண்ட் விவரம், ஃபீஸ் கேட்ட மெசேஜ், ரூம் ஐடி, ரிசல்ட், எல்லாத்தையும் தேதி தெரியற மாதிரி எடுத்து வை. பேரையும் டிபியையும் ஒரு நிமிஷத்துல மாத்திடுவான், பணம் போய்ச் சேர்ந்த அக்கவுண்டையும் ட்ரான்ஸாக்ஷன் நம்பரையும் மாத்த முடியாது, அதுதான் முக்கியம்.

பேங்குக்கு அக்காதான் போகணும், நீ கூடப் போ. ஸ்டேட்மெண்ட்ல உள்ள வந்த 5 வரியையும் வெளிய போன ஒரு வரியையும் காட்டி, நடந்ததை நீ உன் வாயால சொல்லு. வேற யாராவது புகார் குடுக்கறதுக்கு முன்னாடி நீங்களே போய்ச் சொன்னா அதுக்கு மதிப்பு வேற. போலீஸ் சைபர் பிரிவுல புகார் குடுக்கறதும் அக்கா பேர்லயே இருக்கட்டும். போன காசு திரும்பி வரும்னு நம்பிக்கை குடுக்க மாட்டேன். நாமளே அனுப்பின காசு, அவன் எடுக்கறதுக்குள்ள நிறுத்தினாதான் உண்டு, அதுக்கு மணிக்கணக்குலதான் நேரம் இருக்கும், உனக்கு அது தாண்டியிருக்கும். காசை மீட்டுத் தரேன், கொஞ்சம் அட்வான்ஸ் குடுன்னு யாராவது இன்பாக்ஸ்ல வந்தா பதிலே போடாத, பல சமயம் அதுவும் இதே ஆளுங்கதான்.

அந்த 20 பசங்களுக்கு நீ திருப்பிக் குடு. நானும் ஏமாந்தவன்தானேன்னு சொல்லாத. உன் டீம் ஒரு காசும் கட்டல, அவங்க கட்டினாங்க, உன்னை நம்பிக் கட்டினாங்க. ஒரே நாள்ல முடியாதுன்னா எந்தத் தேதிக்குள்ளன்னு எழுதி கிளாஸ் குரூப்ல போடு, அட்மின் யூசர்நேமையும் சேர்த்துப் போடு, அடுத்து யாரும் அங்க கட்டாம இருப்பாங்க. உன் போனை விக்க வேண்டி வந்தா வித்துடு. அக்காவைக் கேக்காத, அப்பாவைக் கேக்காத.

அக்கா போன் லாக்கை அவங்க முன்னாடி நின்னு மாத்தச் சொல்லு. மாத்தும்போது நீ திரும்பி நின்னுக்கோ.