தலைவர் கையில் கொடுத்த காசும் நீதவான் முன் முடியும் வழக்கும்

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். தண்ணிக் குழாய் தகராறில் என் மகன் (22 வயது) பக்கத்து லயத்துப் பொடியனைக் கையால் அடித்துவிட்டான். அந்தப் பொடியனுக்கு 24 வயது. உதடு கிழிந்து தையல் போட்டார்கள். அவர்கள் பொலிஸில் முறைப்பாடு செய்தார்கள். பிறகு தோட்டத் தலைவர் சமாதானம் பேசி, 40,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ‘முறைப்பாட்டை வாபஸ் பெறுகிறோம்’ என்று பொடியனின் அப்பாவிடம் கையெழுத்து வாங்கித் தந்தார். இப்போது கோர்ட்டுக்கு வரச்சொல்லி அழைப்பாணை வந்திருக்கிறது, 314 என்று போட்டிருக்கிறது. சமாதானமான பிறகும் போக வேண்டுமா? கோர்ட்டில் நிற்கும் ஒருவர், குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டப்பணம் கட்டினால் ஒரே நாளில் முடியும் என்கிறார்.

பதில்: கட்டாயம் போக வேண்டும். அழைப்பாணையில் உள்ள திகதியில் மகன் போகாவிட்டால் நீதவான் பிடியாணை போடுவார். அதன்பின் தகராறு பொடியனோடு இல்லை, நீதிமன்றத்தோடு. ‘சமாதானமாகிவிட்டது, போகத் தேவையில்லை’ என்று சொன்னவர் யாராக இருந்தாலும் அன்றைக்கு உங்கள் மகனுக்காக லொக்கப்பில் இருக்க வரமாட்டார்.

நல்ல செய்தி என்னவென்றால், இந்த வழக்கு சமாதானத்தில் முடியக்கூடியதுதான். தண்டனைச் சட்டக்கோவையின் 314 சாதாரண காயம் விளைவித்தலுக்கான பிரிவு. அதற்கு ஒரு வருடம் வரை சிறை கிடைக்கலாம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 266ஆம் பிரிவு, எந்தெந்தத் தவறுகளைத் தரப்பார் இணங்கித் தீர்க்கலாம், யார் இணங்கலாம் என்று ஒரு அட்டவணை போட்டுச் சொல்கிறது. சாதாரண காயம், தாக்குதல், ஒருவரை வழிமறித்தல், தனியாளின் பொருளைச் சேதப்படுத்தல், அத்துமீறி நுழைதல், அவமதித்தல், பயமுறுத்தல் போன்ற அன்றாட லயத்துச் சண்டைகள் பெரும்பாலும் அதில் அடங்கும். அதில் இல்லாத தவறை ஊரே கூடி சமாதானம் பேசினாலும் இணங்கித் தீர்க்க முடியாது.

உங்கள் கையில் உள்ள கடிதத்துக்கு வருவோம். அதில் மூன்று கோளாறுகள்.

முதலாவது, கையெழுத்துப் போட்டது அப்பா. காயம் விளைவித்த தவறில் இணங்கும் உரிமை அடிபட்டவருக்கு மட்டுமே உண்டு. பொடியனுக்கு 24 வயது; அப்பா அவருக்காக இணங்க முடியாது. வயது குறைந்தவர், மனநிலை சரியில்லாதவர் என்றால்தான் வேறொருவர் அவர் சார்பில் வரலாம்.

இரண்டாவது, ‘முறைப்பாட்டை வாபஸ் பெறுகிறோம்’ என்ற வாசகம். பொலிஸார் வழக்குத் தாக்கல் செய்த பிறகு அது அடித்தவருக்கும் அடிபட்டவருக்கும் இடையிலான விஷயமாக மட்டும் இருப்பதில்லை. நிலையத்துப் புத்தகத்தில் எழுதுவதோ, தலைவர் வைத்திருக்கும் வெள்ளைத்தாளோ நீதிமன்றக் கோவையில் உள்ள வழக்கைத் தொடாது. இருவரும் திறந்த நீதிமன்றத்தில் நின்று, ‘இந்தத் தவறை நாங்கள் இணங்கித் தீர்த்துக்கொண்டோம்’ என்று சொல்லி, நீதவான் அதைப் பதிய வேண்டும்.

மூன்றாவது, 40,000 ரூபாய் யார் கைக்குப் போனது? பொடியன் கைக்கு எவ்வளவு வந்தது என்று இரண்டு பெரிய ஆட்களை வைத்து நேராகவே கேளுங்கள். நடுவில் நின்றவர் பாதியைத் தன் ‘செலவுக்கு’ எடுத்துக்கொள்வதும், காசு வராத கோபத்தில் அடிபட்டவர் நீதிமன்றத்தில் ‘எனக்குச் சம்மதமில்லை’ என்று சொல்வதும் மலையகத்துக்குப் புதிதல்ல. இனி ஒரு சதம் கொடுப்பதாக இருந்தாலும் உங்கள் சட்டத்தரணி வழியாக, வழக்கு நாளில், நீதவான் முன் தொகையைச் சொல்லி அடிபட்டவர் கையிலேயே கொடுங்கள். இன்னொன்றும் இருக்கிறது: ஒரு குற்றத்தை மறைக்க, வழக்கில்லாமல் செய்யக் காசு வாங்குவதும் கொடுப்பதும் தண்டனைச் சட்டக்கோவைப்படி தனிக் குற்றம். இணங்கித் தீர்க்கக்கூடிய தவறுகளுக்கு மட்டும்தான் அதில் விலக்கு. தலைவர்மார் இதைத் தெரிந்துதான் செய்கிறார்களா என்பது வேறு விஷயம்.

கோர்ட்டில் நிற்பவர் சொல்லும் குறுக்கு வழியை ஏற்காதீர்கள். குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டப்பணம் கட்டினால் உங்கள் மகன் தண்டிக்கப்பட்டவர். இணக்கம் பதிவானால் அவர் விடுதலை செய்யப்பட்டவர். 266ஆம் பிரிவின்படி இணக்கத்துக்கு விடுதலைத் தீர்ப்பின் பலன் உண்டு. கட்டடத்தை விட்டு வெளியே வரும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டு வருடம் கழித்துக் கட்டாருக்கோ துபாய்க்கோ போகப் பொலிஸ் ரிப்போர்ட் எடுக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். தண்டப்பணம் சிறியது என்று நினைத்து 22 வயதில் பெயரில் ஒரு தண்டனையை ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள தவறுகளை முதலில் அந்தச் சபைக்கு அனுப்ப வேண்டும். 314 அதில் உண்டு. இணக்கம் ஏற்படவில்லை என்ற சபையின் சான்றிதழ் இல்லாமல் வழக்கு நீதிமன்றத்துக்கு வரக்கூடாது. ஆகவே கோவையில் அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று உங்கள் சட்டத்தரணியைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் நடப்பது இதுதான்: சபையிலிருந்து கடிதம் வருகிறது, அது தோட்ட ஆபீசில் கிடக்கிறது, அல்லது ‘அதுக்கெல்லாம் போக வேண்டாம், நான் பார்த்துக்கிறேன்’ என்று யாரோ சொல்ல, போகாமல் விட்டுவிடுகிறார்கள். வராததை வைத்துச் சபை சான்றிதழைக் கொடுத்துவிடுகிறது. சபையில் சட்டத்தரணி தேவையில்லை, பெரிய செலவும் இல்லை. அங்கேயே முடிந்திருக்க வேண்டிய ஒரு உதட்டுக் காயத்துக்காக இரண்டு குடும்பம் நாட்சம்பளத்தை விட்டுவிட்டு மாதக்கணக்கில் நீதிமன்ற வாசலில் நிற்கிறது. கடிதம் சேர்ந்ததா என்று பார்க்கக்கூட ஆளில்லாத ஏற்பாடு இது.

இனி நான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டிய இடம், பல். நீங்கள் உதடு கிழிந்தது என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். உதட்டில் விழுந்த அடி பல்லையும் தொட்டிருக்கிறதா? தண்டனைச் சட்டக்கோவையின் 311ஆம் பிரிவு எதெல்லாம் கடுங்காயம் என்று சொல்கிறது. எலும்பு முறிவு அதில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். பல் உடைந்தாலும், இடத்தை விட்டுப் பெயர்ந்தாலும் கடுங்காயம் என்பது தெரியாது. அதேபோல, காயத்தால் 20 நாட்கள் கடும் வலியில் இருந்தாலோ, அந்த 20 நாட்கள் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ அதுவும் கடுங்காயம். கொழுந்து எடுப்பவருக்கு விரலில் பட்ட அடி இப்படித்தான் பெரிதாகிறது. இதைத் தீர்மானிப்பது பொலிஸ் அல்ல. பொலிஸார் கொடுத்த படிவத்தோடு வைத்தியசாலையில் பரிசோதித்த வைத்தியரின் சட்ட வைத்திய அறிக்கைதான். அறிக்கை பல வேளைகளில் தாமதமாக வரும். இன்று 314 என்று இருப்பது, அறிக்கையில் ‘ஒரு பல் முறிந்துள்ளது’ என்று வந்தால் 316 ஆக மாறலாம். 316க்கு ஏழு வருடம் வரை சிறை. அந்த நிலையில் அடித்தவரும் அடிபட்டவரும் கைகுலுக்கியதால் மட்டும் வழக்கு முடியாது. கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, கம்பி போன்ற எதையாவது கொண்டு அடித்திருந்தாலும் பிரிவு மாறும். நீங்கள் கையால் என்று எழுதியிருப்பது உண்மையென்றால் அந்தக் கவலை இல்லை.

அதனால் காசைப் பற்றிப் பேசுவதற்கு முன் அறிக்கையில் என்ன இருக்கிறது என்று சட்டத்தரணியைக் கொண்டு பாருங்கள். பல் பிரச்சினை இருந்தாலும் சமாதானம் வீணாகாது. அடிபட்டவர் நட்டஈடு பெற்றார், மனவருத்தமில்லை என்பதை நீதவான் தண்டனையைத் தீர்மானிக்கும்போது கவனிக்கலாம், குற்றவாளியாகத் தீர்க்காமல் நிபந்தனையோடு விடுவிக்கும், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவையும் சட்டத்தரணி கேட்கலாம். ஆனால் அது நீதவானின் விருப்பம், உங்கள் உரிமை அல்ல.

பல் இல்லை, 314தான் என்றால் செய்ய வேண்டியது அதிகமில்லை. புதிய இணக்கக் கடிதம் ஒன்றை எழுதுங்கள். வழக்கு இலக்கம், சம்பவ நாள், இருவரின் அடையாள அட்டை இலக்கம், ஏற்கெனவே கொடுத்த தொகை எண்ணிலும் எழுத்திலும், அடிபட்டவரின் கையெழுத்து, யாரும் வற்புறுத்தவில்லை என்ற வாசகம் ஆகியவை இருக்க வேண்டும். உங்கள் பக்கமிருந்தும் எதிர் முறைப்பாடு ஏதாவது போட்டிருந்தால் அதையும் இதே கடிதத்தில் சேருங்கள். ஒன்றை மூடிவிட்டு மற்றொன்றை மறந்துவிட்டு, ஆறு மாதத்தில் இன்னொரு அழைப்பாணையோடு வருகிறவர்கள் பலர். கடிதம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் கையெழுத்து வேண்டாம். நீதிமன்றத்தில் நடப்பது விளங்காவிட்டால் மொழிபெயர்ப்புக் கேட்கலாம். அதை அரச செலவில் பெற அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேளுங்கள், வாசலில் நிற்பவரிடம் கேட்காதீர்கள்.

பொடியன் சம்மதிக்க மறுத்தால் அவர் வீட்டுக்குப் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். வழக்கை விடச் சொல்லி அடிபட்டவரைப் பயமுறுத்துவது, பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டத்தின்படி தனிக் குற்றம், அதில் பிணை கிடைப்பதும் கடினம். 314ஐ விடப் பெரிய வழக்கு அதிலிருந்துதான் பிறக்கும்.

இதே இடத்தில் வேறு குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பாலியல் ரீதியாகத் தீண்டிய வழக்கில் ‘கல்யாணம் பண்ணி வைக்கிறோம், முடித்துக்கொள்ளலாம்’ என்று தலைவரோ உறவுக்காரரோ சொன்னால் நம்ப வேண்டாம். அது எந்த அட்டவணையிலும் இல்லை, எந்தக் கடிதமும் அதை முடிக்காது. கடிதம் எழுதியவர்களும் மாட்டுவார்கள்.

இணக்கம் பதிவான நாளிலேயே பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, அன்றைய வழக்குப் பதிவின் உறுதிப்படுத்திய பிரதி ஒன்றை எடுங்கள். பிணை முறி போட்டிருந்தால் அது நீங்கியதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பிரதியை மகனின் பிறப்புச் சான்றிதழோடு வைத்திருங்கள், தோட்டத் தலைவரிடம் கொடுத்து வைக்க வேண்டாம்.