தண்ணீர் இல்லாத குளத்தில் தண்ணீருக்கடியில் எடுத்தது போல ஒரு படம்: டர்பன் ஸ்டூடியோக்காரரின் பதில்கள்

அண்ணா, வர்ணம் பூசுவதற்காகக் காலி செய்திருந்த நீச்சல்குளத்துக்குள் மகளைப் பரதநாட்டிய உடையில் நிற்க வைத்து எடுத்தேன். பட்டு நனையக்கூடாதே! மேலே நீல லேயர் ஒன்றைப் பாதி அளவில் போட்டேன், பிள்ளை முகம் பிணம் மாதிரி ஆகிவிட்டது. (சாட்ஸ்வொர்த்)

நீங்கள் போட்டது நீலக் கண்ணாடித்தாள், அக்கா. தண்ணீர் அப்படி வேலை செய்யாது. அது முதலில் சிவப்பைத்தான் விழுங்கும், அதுவும் தூரத்தைப் பொறுத்து. கேமராவுக்கு ஒன்றரை மீட்டரில் நிற்கும் பிள்ளையின் முகத்தில் சிவப்பு ஓரளவு மிஞ்சும். ஆறு மீட்டர் பின்னால் இருக்கும் சுவரில் மிஞ்சாது.

அதனால் நீலத்தைக் கூட்டாமல் சிவப்பைக் குறையுங்கள். போட்டோஷாப்பில் Curves லேயர் போட்டு, Red சேனலில் வலது மேல் முனையை 255-இலிருந்து 150 பக்கம் இறக்குங்கள். சுவர் உடனே நீலப்பச்சையாகும். அப்புறம் அந்த லேயரின் மாஸ்க்கில் பிள்ளைமேல் கரும்சாம்பல் பூசினால், அவள்மேல் மட்டும் மூன்றில் ஒரு பங்குதான் விழும். பட்டுச் சிவப்பு அரக்காகத் தெரிந்தால் போதும்.

இன்னொன்று: தூரத்துச் சுவரில் கருமை இருக்கவே கூடாது. அதே சேனல் பட்டியலில் Green, Blue இரண்டின் இடது கீழ் முனைகளையும் கொஞ்சம் உயர்த்துங்கள். இருட்டு மூலைகள் மங்கிய நீலமாகும். ஆழம் தெரிவதே அதனால்தான்.

தரையில் ஆடும் ஒளிவலையை Overlay-இல் போட்டேன் அண்ணா. முகம் முழுக்க மீன்வலை சுற்றினது போல இருக்கிறது. வலை இருந்தால்தானே தண்ணீர் என்று தெரியும்? (பீனிக்ஸ்)

பாதி சரி, தம்பி. வலை வேண்டும், ஆனால் மேலிருந்து வரும் வெளிச்சம் படும் இடத்தில் மட்டும். நீர்ப்பரப்பின் சிற்றலைகள் வில்லைபோல வெயிலைக் குவிப்பதால் வருவது அது. தலை, தோள், மூக்குத்தண்டு, நீட்டிய கையின் மேல்பக்கம், தரை: இங்கே விழும். தாடைக்குக் கீழே, அக்குளில் விழாது. டிசம்பர் நடுப்பகலில் டர்பன் சூரியன் கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும், அதனால் தரையில் பலமாகவும் சுவரில் மேலிருந்து கீழாக நீண்டும் விழும். ஜூனில் வடக்கே சாய்ந்த வெயில், வலையும் சாயும்.

செய்முறை: புது லேயரில் D அழுத்தி Filter > Render > Clouds, பிறகு அதே இடத்தில் Difference Clouds, பிறகு Ctrl+I. Levels-இல் கறுப்பு முக்கோணத்தை வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போனால் வெள்ளைக் கோடுகள் மட்டும் நிற்கும். Screen ஆக்கினால் கறுப்பு மறைந்துவிடும். Overlay-இல் கறுப்பும் வேலை செய்து முகத்தை இருட்டாக்கும், உன் மீன்வலை அங்கிருந்துதான் வந்தது. தரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று என இரண்டு பிரதி வை. தரைப் பிரதியை Edit > Transform > Perspective-இல் படுக்க வை, தூரத்தில் வலைக்கண்கள் சிறுக்கும். இரண்டும் Curves லேயருக்குக் கீழே இருக்கட்டும், நிறம் தானாக ஏறும்.

ஒரு சோதனை: மூலப்படத்தில் நிழலின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா? மேகமூட்டத்தில் எடுத்ததானால் வலையே போடாதே. வெயில் இல்லாமல் அது விழாது. என்னதான் செய்தாலும் ஒட்டுப்போட்டது போலவே இருக்கும்.

எங்கள் வீட்டுக் குளம் ஏற்கெனவே பச்சைதான் தம்பி. இதற்கு எதற்கு கம்ப்யூட்டர்? (டோங்காட், ஒரு பெரியவர்)

ஐயா, அது பாசி. முதலில் குளோரின் பாருங்கள், படம் அப்புறம்.

மிதக்கும் துகளுக்கு Noise போட்டேன், பனி கொட்டுவது போல இருக்கிறது. (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

எல்லாம் ஒரே அளவில் இருப்பதால்தான், அக்கா. கறுப்பு லேயரில் Add Noise, அதில் Monochromatic. பிறகு கொஞ்சம் Gaussian Blur, Levels-இல் பத்தில் ஒன்று மிஞ்சும்வரை வெட்டு, Screen. இது தூரத்துத் துகள். இதன் பிரதியை நாலு மடங்கு பெரிதாக்கி, இன்னும் மங்கலாக்கி, பெரும்பகுதியை அழித்து ஐந்தாறு வட்டங்களை மட்டும் விடுங்கள், அவை கேமராவுக்கு அருகில் மிதப்பவை. கண்ணின்மேல் விழுந்ததை அழித்துவிடுங்கள். இந்த லேயர்கள் Curves-க்கு மேலே.

என் கருத்து, நீச்சல்குளத்துக்கு இதில் பாதிகூட அதிகம். வடிகட்டிய தண்ணீர். நிறையப் போட்டால் அது கடலாகிவிடும், இல்லையென்றால் மேலே சொன்ன பெரியவர் வீட்டுக் குளம்.

(சாட்ஸ்வொர்த் அக்கா மறுபடியும்) நிறம், வலை எல்லாம் வந்துவிட்டது. ஆனால் பின்னல் நேராகத் தொங்குகிறதே?

மாட்டிக்கொண்டோம். தண்ணீருக்குள் பின்னலின் நுனியும் தலைப்பும் மிதக்கும், கண் முதலில் அதைத்தான் தேடும். Liquify-இல் நுனியை வளைக்கலாம், ஆனால் குஞ்சலம் ரப்பர் போல நீண்டுவிடும். நான் அந்தப் படத்தை இடுப்புக்கு மேல் வெட்டி, பின்னல் தெரியாமல் முடிப்பேன். பீனிக்ஸ் தம்பியோ, பின்னலை நூலில் கட்டி இழுத்து மறுபடி எடுத்து, நூலை அழிக்கலாம் என்கிறான். குளத்தில் இன்னும் தண்ணீர் விடவில்லையென்றால் அவன் சொல்வதைச் செய்து பாருங்கள்.