மூணு வயசாகியும் பருவத்துக்கு வராத எருமைக் கிடாரி

கேள்வி: "எருமைக் கிடாரிக்கு மூணு வயசு ஆகப்போகுது, இன்னும் ஒரு தடவ கூட கத்தல. வைக்கோலும் ரெண்டு கை தவிடும்தான் போடுறேன். நெஞ்சுச் சுத்தளவு 58 அங்குலம், நீளம் 46. ஹார்மோன் ஊசி போட்டா பருவத்துக்கு வந்துடுமா?"

ஊசிய இப்போதைக்கு மறந்துடுங்க. அளவு எடுத்து அனுப்புனது நல்லதாப் போச்சு, சுத்தளவ சுத்தளவாலயே பெருக்கி, அத நீளத்தால பெருக்கி, 660ஆல வகுத்தா கிலோ வரும். உங்களுக்கு சுமார் 234 வருது. முர்ரா மாதிரி பெரிய இனம்னா 250-275 கிலோ தொட்டாதான் சினைப்பை வேலை செய்ய ஆரம்பிக்கும், வயசு எவ்வளவு ஆனாலும் எடை இல்லன்னா வராது. இந்த எடையில ஊசி போட்டா பல நேரம் ஒண்ணுமே நடக்காது, நடந்தாலும் ஒரு தடவ பருவம் காட்டிட்டு திரும்ப அடங்கிடும்.

ஆனா ஒரு சந்தேகத்த தீர்த்துக்கணும், எருமைல ஊமைப் பருவம் ரொம்ப சகஜம், உள்ள எல்லாம் சரியா நடக்கும், வெளிய கத்தாது. டாக்டர 10 நாள் இடைவெளில ரெண்டு தடவ கை விட்டுப் பாக்கச் சொல்லுங்க. ரெண்டு தடவையும் சினைப்பை சின்னதா வழுவழுன்னு இருந்தா பருவமே தொடங்கலன்னு அர்த்தம், முட்டை வெளியான இடத்துல உருவாகுற மஞ்சள் திரள் தட்டுப்பட்டா அது ஊமைப் பருவம், நாமதான் கவனிக்காம விட்டிருக்கோம்.

உங்க தீவனத்தப் பாத்தா எனக்கு முதல் கேஸ்னுதான் தோணுது. வைக்கோல்ல வயிறு நிறையும், ஆனா எரிசக்தி, புரதம், பாஸ்பரஸ் மூணுமே கம்மி. கிடாரி சுவத்த நக்குதா, துணி எலும்பு எதாவது கடிக்குதான்னு பாருங்க, பாஸ்பரஸ் குறைஞ்சா அப்படித்தான் பண்ணும். கருப்பு முடி செம்பட்டையா மங்கிருந்தா தாமிரமும் பத்தலன்னு சந்தேகப்படலாம்.

முதல்ல குடற்புழு மருந்து, புழு இருக்கற வரைக்கும் போடுற தீவனம் முழுசா உடம்புல ஒட்டாது. அப்புறம் பிண்ணாக்கும் தவிடும் தானியமும் கலந்த அடர்தீவனம் தினம் 2 கிலோ, ஒரே நாள்ல ஏத்தாதீங்க, அரை கிலோவுல ஆரம்பிச்சு 10 நாள்ல கொண்டு போங்க, இல்லன்னா வயித்துல அமிலம் கூடிக் கழியும். பசுந்தீவனம் 15 கிலோவாவது, அதுல கொஞ்சம் பயறு வகை. தாது உப்புக் கலவை தினம் 40 கிராம், தீவனத்துல கலந்து, விடாம. இத பாதில நிறுத்துறவங்கதான் அதிகம், பத்து நாள்ல பலன் தெரியலன்னு.

தினம் அரை கிலோ ஏறுனா மூணு மாசத்துல 280 பக்கம் வந்துடும், 15 நாளுக்கு ஒரு தடவ டேப் வெச்சு அளந்து எழுதி வைங்க. அடுத்தடுத்து ரெண்டு தடவ அளந்தும் எடை ஏறலன்னா தீவனமா புழுவான்னு திரும்பப் பாக்கணும்.

250 தாண்டுனதுமே ராத்திரியும் விடியக்காலையும் கண்காணிங்க, எருமை பெரும்பாலும் அந்த நேரத்துலதான் காட்டும். பசு மாதிரி வழும்பு கயிறா தொங்காது, படுத்து எழுந்த இடத்துல கண்ணாடி மாதிரி கொஞ்சம் கெடக்கும், அத மூத்திரம்னு நெனச்சுக் கழுவி விட்டுடுவோம். அடிக்கடி மூத்திரம் போறது, தீவனத்த பாதில விடுறதும் அதோட சேந்து வந்தா தேதிய குறிச்சு வைங்க, 21 நாள் கழிச்சு திரும்ப வருதான்னு பாத்து, எடை 300 கிட்ட வந்தப்புறம் சினை ஊசி போடுங்க.